சரக்கு கைமாறும் கிடங்கு வாசல்: ஃபார்வர்டரிடம் எதைக் கொடுப்பது, த்ரீ பி.எல். நிறுவனத்திடம் எதைக் கொடுப்பது?

கேள்வி: மேசை விளக்குகளை இறக்குமதி செய்து இணையத்தில் விற்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 அட்டைப்பெட்டிகள், மொத்தம் 8 கன மீட்டர், கப்பலில் வருகின்றன. மாதம் சுமார் 250 ஆர்டர்கள். வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நாங்களே பொதிகட்டி அனுப்புகிறோம். ஒரு ஃபார்வர்டரும் ஒரு த்ரீ பி.எல். நிறுவனமும் “எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். இருவருக்கும் என்ன வேறுபாடு? யாரிடம் எதைக் கொடுப்பது, அல்லது கொடுக்காமலே இருப்பது?

பதில்:

ஃபார்வர்டர் அலுவலகத்தில் சில ஆண்டுகள், பிறகு கிடங்கு நிர்வாகத்தில் சில ஆண்டுகள் என இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். ஃபார்வர்டர் சரக்கைக் கொண்டுவர ஏற்பாடு செய்பவர். த்ரீ பி.எல். நிறுவனம் அதைக் கிடங்கில் வைத்து, ஆர்டர் வரும்போது பொதிகட்டி அனுப்புவது. இருவரும் சொல்கிற “எல்லாம்” ஒன்றல்ல. அவர்கள் அனுப்பும் பில்லைப் பாருங்கள், வேறுபாடு அதிலேயே தெரியும். ஃபார்வர்டரின் பில் ஒரு சரக்குக்கு ஒன்று. இத்தனை பெட்டி இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்பதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். த்ரீ பி.எல். நிறுவனத்தின் பில் மாதத்துக்கு ஒன்று. இத்தனை கன மீட்டர் இடம், இத்தனை ஆர்டர், இத்தனை திரும்பி வந்த பொருள் என்று, நீங்கள் விலகும் நாள்வரை அது வந்துகொண்டே இருக்கும். முதலாமவர் உங்களுக்கு ஒரு பயணத்தை விற்கிறார். இரண்டாமவர் இடத்தையும் ஆட்களின் கைகளையும் விற்கிறார். உங்கள் சரக்கு இந்த இரண்டு உலகத்துக்கும் இடையே கைமாறும் இடம் கிடங்கின் வாசல். உங்களைப் போன்ற சிறு வணிகர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் அந்த வாசலில்தான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஃபார்வர்டர். பெரும்பாலான ஃபார்வர்டர்களுக்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. கப்பல் நிறுவனத்திடம் இடம் வாங்கி, உங்களுடைய 8 கன மீட்டரையும் வேறு பலருடைய சரக்கையும் ஒரே கண்டெய்னரில் சேர்த்து ஏற்றுவார். கண்டெய்னரில் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் இந்த முறைக்கு எல்.சி.எல். என்று பெயர். சரக்கை ஏற்றிச்செல்லப் பெற்றுக்கொண்டதற்கான தாளுக்குப் பில் ஆஃப் லேடிங் என்று பெயர். கப்பல் நிறுவனம் முழுக் கண்டெய்னருக்கும் சேர்த்து ஃபார்வர்டர் பெயரில் ஒரு மாஸ்டர் பில் ஆஃப் லேடிங் கொடுக்கும். ஃபார்வர்டர் தன் பங்குக்கு ஒவ்வொரு சரக்குக்காரருக்கும் தனித்தனியாக ஹவுஸ் பில் ஆஃப் லேடிங் கொடுப்பார். உங்கள் கையில் வருவது இந்த இரண்டாவது தாள்.

அந்தத் தாளில் ஃபார்வர்டர் எந்த நிலையில் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதைப் படிக்காமல் விடாதீர்கள். “கேரியர்”, அதாவது சரக்கை ஏற்றிச்செல்பவர், என்று கையெழுத்திட்டிருந்தால், பயணத்தில் ஏற்படும் சேதத்துக்கு அவரே உங்களிடம் பதில் சொல்ல வேண்டும். “கேரியரின் ஏஜென்ட்” என்று கையெழுத்திட்டிருந்தால், அவர் ஏற்பாடு செய்து கொடுத்தவர் மட்டுமே, உங்கள் வழக்கு வேறொருவரோடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சேவை போலத் தெரியும். பெட்டி நனைந்த பிறகுதான் வித்தியாசம் புரியும்.

எல்.சி.எல். கட்டணம் கன மீட்டரிலோ டன்னிலோ, எது அதிகமோ அதில் கணக்கிடப்படுகிறது. உங்கள் பெட்டி 50×40×40 சென்டிமீட்டர், எடை 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 பெட்டிக்கு எடை 1.2 டன், கன அளவு 8. ஆகவே 8-க்குத்தான் கட்டணம். விளக்கு போன்ற இலேசான பொருளுக்கு எடையைவிட இடமே செலவு. பெட்டியின் உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறைத்தால் 8 கன மீட்டர் 7 ஆகிவிடும். கப்பல் கட்டணமும் குறையும், பின்னால் கிடங்கு வாடகையும் குறையும். ஃபார்வர்டரிடம் பேரம் பேசுவதற்கு முன் உற்பத்தியாளரிடம் பெட்டி அளவைப் பற்றிப் பேசுங்கள்.

ஃபார்வர்டர் வேண்டுமா என்ற கேள்வி உங்கள் அளவில் எழவே எழாது. 8 கன மீட்டருக்காகப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் உங்களோடு நேரடியாக வேலை செய்யமாட்டா. எழவேண்டிய கேள்வி, அந்த ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது. உற்பத்தியாளர் சி.ஐ.எஃப். விலை சொன்னால், அதாவது கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துச் சொன்னால், ஃபார்வர்டரை அவரே தேர்ந்தெடுக்கிறார். எல்.சி.எல். சரக்கில் இது ஒரு பொறி. புறப்படும் இடத்தில் கடல் கட்டணத்தை வியக்கத்தக்க அளவில் குறைத்துக் காட்டிவிட்டு, சேரும் துறைமுகத்தில் கண்டெய்னரைப் பிரித்த கூலி, ஆவணக் கூலி, கையாளும் கூலி என்று கன மீட்டர் கணக்கில் உங்களிடம் வசூலிப்பார்கள். அந்த ஃபார்வர்டரை நீங்கள் நியமிக்கவில்லை. சரக்கோ அவர் கையில் இருக்கிறது. பேரம் பேச உங்களிடம் எதுவுமே இல்லை.

ஆகவே விலையில் கடல் கட்டணம் சேராத எஃப்.சி.ஏ. அல்லது எஃப்.ஓ.பி. அடிப்படையில் வாங்கி, கப்பல் பயணத்தை நீங்களே நியமித்த ஃபார்வர்டரிடம் கொடுங்கள். நீங்கள் நியமித்த ஃபார்வர்டரிடம் ஒப்படைத்ததும் பொறுப்பு கைமாறுவது எஃப்.சி.ஏ. கண்டெய்னரில் போகும் சரக்குக்கு அதுவே பொருத்தமானது என்று, சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன் விளக்கங்களும் சொல்கின்றன. எஃப்.ஓ.பி. விதியில் பொறுப்பு கைமாறுவது சரக்கு கப்பலில் ஏறும்போது. ஆனால் உற்பத்தியாளர் சரக்கைத் துறைமுகக் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டு அதற்கு முன்பே போய்விடுவார். விலை கேட்கும்போது “என் கிடங்கு வாசல்வரை, சேரும் துறைமுகச் செலவுகள் உட்பட, ஒவ்வொரு வரியாக” என்று கேளுங்கள். வரி வரியாகக் கொடுக்க மறுப்பவரிடம் போகாதீர்கள்.

சுங்கத்தில் பொருளின் வகை எண்ணையும் மதிப்பையும் தாக்கல் செய்வது ஃபார்வர்டரோ சுங்கத் தரகரோ என்றாலும், இறக்குமதியாளர் நீங்கள்தான். தவறான வகை எண்ணுக்கு வரும் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவராக உங்கள் நிறுவனத்தின் பெயரையே எழுதச் செய்யுங்கள். த்ரீ பி.எல். கிடங்கின் பெயர் ஒப்படைக்கும் முகவரியாக மட்டும் இருக்கட்டும். உங்கள் சரக்கின் இறக்குமதியாளராக மாறுவதற்குக் கிடங்குக்காரர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது.

இப்போது வாசலுக்கு வருவோம்.

நான் கிடங்கு நிர்வாகத்தில் இருந்தபோது ஒரு சிறு வணிகருக்கு வந்த சரக்கில் இது நடந்தது. லாரி வந்தது, பெட்டிகள் இறங்கின, கிடங்கின் வாசலில் இருந்தவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். “நல்ல நிலையில் பெறப்பட்டது” என்று தாளில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. எங்கள் கிடங்கில் வந்த சரக்கைப் பிரித்து, சரிபார்த்து, அலமாரியில் வைத்துக் கணினியில் ஏற்ற 5 வேலை நாட்கள் ஆகும். அது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்த வாரம் கூட்டம் அதிகம் என்பதால் எட்டாம் நாள்தான் பெட்டிகளைத் திறந்தோம். கீழ்வரிசைப் பெட்டிகளில் உள்ளே ஈரம் ஏறிக் காய்ந்த தடம் இருந்தது, பொருட்கள் பாழாகியிருந்தன. வணிகர் ஃபார்வர்டரிடம் கேட்டார். “உங்கள் கிடங்கு சுத்தமாகக் கையெழுத்திட்டிருக்கிறது. எட்டு நாள் சரக்கு அவர்களிடம் இருந்திருக்கிறது. ஈரம் கப்பலில் ஏறியது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று பதில் வந்தது. எங்கள் நிறுவனமோ “எங்களிடம் வந்தபோதே அப்படித்தான் இருந்தது” என்றது. இருவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் நின்றவர் மட்டும் பணத்தை இழந்தார். அந்த எட்டு நாளில் ஒரு நாளாவது முன்னதாக ஒரு பெட்டியைத் திறந்திருக்கலாமே என்று இன்றும் நான் வருந்துவதுண்டு.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரு கடிகாரம். கடல் சரக்குக்குப் பல நாடுகளில் பொருந்தும் ஹேக்–விஸ்பி விதிகளின்படி, வெளியே தெரியும் சேதத்தைச் சரக்கைப் பெறும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்தை 3 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஃபார்வர்டர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின், அவர்களில் பலர் பயன்படுத்தும் பில் ஆஃப் லேடிங்கில் இந்தக் கெடு தொடர்ச்சியாக 6 நாட்கள். கெடு தவறினால் உரிமையே போய்விடாது. ஆனால் சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பூட்டிய கண்டெய்னருக்குள் நடந்ததை நீங்கள் எங்கே போய் நிரூபிப்பது? அதன் பிறகு வழக்குத் தொடுக்க ஹேக்–விஸ்பி விதிகளில் ஓராண்டு, ஃபியாட்டா தாளில் 9 மாதம் என்ற இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அது தவறினால் உரிமையும் போய்விடும். விமானத்தில் வந்தால், 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்தைத் தெரிவிக்க 14 நாட்கள் கிடைக்கும், அங்கே கொஞ்சம் மூச்சுவிடலாம்.

ஃபார்வர்டரின் தாளில் 3 அல்லது 6 நாள், த்ரீ பி.எல். ஒப்பந்தத்தில் சரிபார்க்க 5 வேலை நாள். இடையில் ஒரு வார இறுதி வந்தால் 6 நாள் கெடுகூடத் தாண்டிவிடும். இருவரும் தங்கள் தங்கள் ஒப்பந்தத்தைச் சரியாகவே நிறைவேற்றுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டியவர் நீங்கள். த்ரீ பி.எல். நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: லாரி இறங்கும்போது பெட்டிகளை எண்ணி, நசுங்கியதையும் நனைந்ததையும் படமெடுத்து, ஒப்படைப்புத் தாளிலேயே குறித்துக் கையெழுத்திட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் 100-க்கு 5 பெட்டிகளையாவது, குறிப்பாகக் கீழ்வரிசையிலிருந்து, திறந்து பார்த்து உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதற்குக் கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே, இன்ன நாளில் இன்ன பெட்டிகள் வருகின்றன என்ற முன்னறிவிப்பை, எண்ணிக்கையோடும் பெட்டி அளவோடும் நீங்கள் கிடங்குக்கு அனுப்பியிருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வரும் லாரி வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

காப்பீட்டிலும் இதே வாசல் குறுக்கே வரும். நீங்கள் எஃப்.சி.ஏ. முறையில் வாங்கினால் கடல் காப்பீடு எடுக்கவேண்டியவர் நீங்கள். இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் எனப்படும் நிபந்தனைகளில் “ஏ” வகை எடுங்கள். அதுவே விரிந்த பாதுகாப்பு. அந்தக் காப்பீடு, சரக்கு கடைசிக் கிடங்கில் லாரியிலிருந்து இறக்கி முடித்ததும் நின்றுவிடும். துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தால், கப்பலிலிருந்து இறங்கிய 60 நாட்களில் அதற்கு முன்பே நின்றுவிடும். கிடங்குக்குள் போன பிறகு தீயோ வெள்ளமோ வந்தால் கடல் காப்பீடு உதவாது. த்ரீ பி.எல். நிறுவனத்திடம் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது அவர்களுடைய கவனக்குறைவால் வரும் பொறுப்புக்கான காப்பீடு, அதுவும் ஒப்பந்தத்தில் எழுதிய வரம்புவரைதான். உங்கள் இருப்புக்கு, அந்தக் கிடங்கின் முகவரியைக் குறிப்பிட்டு, உங்கள் பெயரில் தனியாக ஒரு பாலிசி வேண்டும். ஃபார்வர்டரை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் அறையிலேயே சரக்கை வைத்திருந்தாலும் இது பொருந்தும்.

சரி, த்ரீ பி.எல். உங்களுக்கு வேண்டுமா? இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நாணயம் எதுவாக இருந்தாலும் பொருந்தும்படி, எல்லாவற்றையும் “பொதிகட்டும் ஒருவரின் ஒரு மணி நேரக் கூலி” என்ற அளவில் சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை நீங்களே கடிகாரம் வைத்து அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆர்டரை எடுத்து, பொதிகட்டி, முகவரி ஒட்ட 9 நிமிடம் என்றால், 250 ஆர்டருக்கு 37.5 மணி. தினமும் கூரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்க அரை மணி என்றால், 22 வேலை நாளுக்கு 11 மணி. சரக்கை இறக்கி எண்ணி அடுக்குவதை மாதச் சராசரியில் 5 மணி என்போம். மொத்தம் 53.5 மணி. வெளியே கொடுத்தால் இந்த வேலை போகும், ஆனால் புதிய வேலை ஒன்று வரும். பில்லைச் சரிபார்ப்பது, கணினி இருப்பையும் உண்மை இருப்பையும் ஒப்பிடுவது, காணாமல் போன பொதியைப் பற்றி மின்னஞ்சல் எழுதுவது எல்லாவற்றுக்கும் மாதம் 6 மணி வைத்துக்கொள்ளுங்கள். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சமாவது 47.5 மணி. அறை வாடகை 15 மணிக் கூலிக்குச் சமம் என்றும், பல வணிகர்களின் பொதிகளைச் சேர்த்து அனுப்புவதால் அவர்களுக்குக் கிடைக்கும் கூரியர் தள்ளுபடியில் உங்களுக்கு ஒரு பொதிக்கு 3 நிமிடக் கூலி மிச்சம் என்றும் கொண்டால், அது 12.5. ஆக, உங்களுக்கு மிச்சமாகக்கூடியது 75.

அவர்கள் பக்கம் பார்ப்போம். ஓர் ஆர்டருக்கு 12 நிமிடக் கூலி கேட்கிறார்கள் என்றால் 250 ஆர்டருக்கு 50. இருப்பு வைக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு பெட்டியில் 8 விளக்கு என்றால் ஒவ்வொரு முறையும் 800 விளக்கு வருகிறது. 200 கையிருப்பாக எப்போதும் வைத்தால், இருப்பு 1,000-இலிருந்து 200-க்கு இறங்கி, சராசரி 600 விளக்கு, அதாவது 6 கன மீட்டர். கன மீட்டருக்கு 2 மணிக் கூலி என்றால் 12. சரக்கு இறக்கும் கூலி மாதச் சராசரியில் 2, கணினி இணைப்புக் கட்டணம் 6. மொத்தம் 70.

75-க்கு 70. வெளியே கொடுப்பது கொஞ்சம் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் ஆர்டர் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். உங்கள் பக்கம் ஓர் ஆர்டருக்கு 9 நிமிடத்தோடு தள்ளுபடி 3 நிமிடம், அவர்கள் பக்கம் 12 நிமிடம். ஆர்டருக்கான செலவு இருபுறமும் ஒன்றே. ஆர்டர் கூடினாலும் குறைந்தாலும் இந்த 5 மணி வித்தியாசம் அப்படியே நிற்கும். நான் பார்த்த பல விலைப்பட்டியல்களில் ஆர்டருக்கான செலவு இப்படிக் கிட்டத்தட்ட சமமாகவே வந்திருக்கிறது. எனவே “ஆர்டருக்கு எவ்வளவு கேட்கிறார்கள்” என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முடிவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று.

முதலாவது, அந்த அறையை உண்மையிலேயே காலி செய்வீர்களா? செய்யாவிட்டால் 75 என்பது 60 ஆகிவிடும், மாதம் 10 மணிக் கூலி நட்டம். பொதிகட்டுபவருடைய சம்பளமும் அப்படித்தான். மாதச் சம்பளத்தில் இருக்கும் அவர் வேறு வேலைக்கு மாறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அந்த 47.5 மணி தாளில் மட்டுமே மிச்சம். பொதிகட்டுவது நீங்களே என்றால் கணக்கு வேறு. அந்த நேரத்தில் புதிய பொருளைத் தேடவோ விற்பனையைப் பெருக்கவோ முடிந்தால், உங்கள் ஒரு மணி பொதிகட்டுபவரின் ஒரு மணியைவிட மதிப்புள்ளது.

இரண்டாவது, குறைந்தபட்ச மாதக் கட்டணம். பல ஒப்பந்தங்களில் இது இருக்கும், பேச்சின்போது கடைசியாகத்தான் வெளியே வரும். அது 60 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் 175-க்குக் கீழே இறங்கும் எந்த மாதத்திலும் உங்களுக்கு மிச்சமாவதைவிட அவர்களுக்குக் கொடுப்பது அதிகமாகிவிடும். கடந்த 12 மாத ஆர்டர் எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். சராசரி 250 என்பது, ஒன்பது மாதம் 150-உம் மூன்று மாதம் 550-உம் சேர்ந்த 250 ஆகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் ஒன்பது மாதம் நட்டம். குறைந்தபட்சக் கட்டணத்தை மாதத்துக்கு வைக்காமல் ஆண்டுக்கு வைத்துக் கணக்கிடும்படி கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, படி. சொந்தமாகச் செய்யும்போது செலவு படிக்கட்டு போல ஏறும். ஓர் அறை நிறையும்வரை வாடகை மாறாது. நிறைந்த மறுநாள் இரண்டாவது அறை வேண்டும், சில சமயம் இரண்டாவது ஆளும் வேண்டும். த்ரீ பி.எல். செலவு சரிவுப்பாதை போலச் சீராக ஏறும். நீங்கள் அடுத்த படியில் காலை வைக்கப்போகிற நேரம்தான் வெளியே கொடுப்பதற்குச் சரியான நேரம். இரண்டாவது அறைக்கு முன்பணம் கொடுத்த பிறகு இந்தக் கேள்வியோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டப்படும். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

பயணமும் கிடங்கும் ஒன்றையொன்று இழுப்பதையும் கவனியுங்கள். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 13 முதல் 15 கன மீட்டர் என்ற அளவை நெருங்கும்போது, முழுக் கண்டெய்னரை நீங்களே எடுப்பது எல்.சி.எல். விலையோடு போட்டி போடத் தொடங்கும். எனவே ஆண்டுக்கு இருமுறை 16 கன மீட்டராக வரவழைக்கச் சொல்லி ஃபார்வர்டர் ஆலோசனை சொல்லக்கூடும். அவர் கோணத்தில் அது நல்ல ஆலோசனை. பெட்டிகள் குறைந்த முறையே கைமாறும் என்பதால் சேதமும் குறையும். ஆனால் உங்கள் சராசரி இருப்பு 6 கன மீட்டரிலிருந்து 10-க்கு ஏறும். கிடங்கு வாடகை 12-இலிருந்து 20 ஆகும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் இரண்டு மடங்கு பணம் போட வேண்டும். இதை ஃபார்வர்டர் சொல்லமாட்டார், அது அவருடைய பில்லில் வராத செலவு. கிடங்குக்காரரும் சொல்லமாட்டார், அது அவருக்கு வருமானம்.

இருவரையும் ஒரே நிறுவனமாக எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டையும் செய்யும் நிறுவனங்கள் உண்டு. வாசலில் பழி போடுவது குறையும் என்பது உண்மையான நன்மை. ஆனால் “எங்களிடம் கிடங்கு இருக்கிறது” என்று ஃபார்வர்டர் சொன்னால், நேரில் போய்ப் பாருங்கள். அடுக்கிய மூட்டைகளும் பெட்டிகளும் அப்படியே வந்து அப்படியே போகும் கிடங்கு வேறு, ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு விளக்கை எடுத்து ஒரு வாடிக்கையாளருக்குப் பொதிகட்டும் கிடங்கு வேறு. அலமாரிகளில் இட எண் ஒட்டியிருக்கிறதா, எடுப்பவர் கையில் பார்கோடு ஸ்கேனர் இருக்கிறதா, பொதிகட்டும் மேசைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பி வந்த பொருட்கள் எங்கே கிடக்கின்றன என்றும் கேளுங்கள். அந்த மூலை குப்பையாக இருந்தால் உங்கள் விளக்குகளும் அங்கேதான் போய்ச் சேரும்.

உங்கள் நிலைக்கு என் தீர்ப்பு இது. ஃபார்வர்டரை இப்போதே நீங்களே நியமித்து, அடுத்த கொள்முதலை எஃப்.சி.ஏ. முறைக்கு மாற்றுங்கள். த்ரீ பி.எல். நிறுவனத்துக்கு இப்போது போகாதீர்கள். 5 மணி வித்தியாசம் ஒரே ஒரு தவறான மாதத்தில் கரைந்துவிடும். ஆர்டர்கள் எல்லா மாதமும் 175-க்கு மேல் நின்று, அறையும் நிறையத் தொடங்கும்போது போங்கள். அதுவரை அதற்கான தயாரிப்பைச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வகை விளக்குக்கும் ஒரு பார்கோடு, ஒரு பெட்டிக்குள் ஒரே வகை, பெட்டியின் வெளியே வகையும் எண்ணிக்கையும் என்று உற்பத்தியாளரிடமே ஒட்டி வரச் சொல்லுங்கள். வகை கலந்த பெட்டிகளைப் பிரிப்பதற்குக் கிடங்கில் மணிக்கணக்கில் கூலி போடுவார்கள், முதல் மாத பில்லைக் கண்டு பலர் அதிர்வது இதனால்தான்.

போகும்போது முழு இருப்பையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அதிகம் விற்கும் இரண்டு வகைகளை மட்டும், ஆறு வாரத்துக்குப் போதுமான அளவு கொடுங்கள். உங்கள் வீட்டு முகவரிக்கும் நண்பர்கள் முகவரிக்கும் பத்து ஆர்டர்கள் போட்டு, எந்த நேரத்துக்குள் வந்த ஆர்டர் அன்றே கிளம்புகிறது, விளக்கு எப்படிப் பொதிகட்டப்பட்டிருக்கிறது என்று கையில் வாங்கிப் பாருங்கள். ஆறாம் வாரம் நேரில் போய் எண்ணுங்கள். கணினி 140 என்று காட்டி, அலமாரியில் 137 இருந்தால், அந்த மூன்று எங்கே போயின என்று அவர்களால் சொல்ல முடிகிறதா என்பதே சோதனை. ஒப்பந்தத்தில் “அனுமதிக்கப்பட்ட இழப்பு” என்று ஒரு சதவீதம் எழுதியிருக்கும், அதுவரை காணாமல் போனால் ஈடு கிடையாது. அந்த எண்ணையும், அதற்கு மேல் போனால் விற்பனை விலையில் ஈடா, வாங்கிய விலையில் ஈடா என்பதையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

விலகும் பிரிவைக் கடைசியாக ஒருமுறை படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, பெட்டிகளை வெளியே எடுத்துக்கொடுக்க எவ்வளவு கூலி, பில் பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு எந்த அளவு என்பவை அங்கே இருக்கும். ஒரு பில்லில் தகராறு என்றால், தகராறில் உள்ள தொகைக்கு ஈடான சரக்கை மட்டுமே பிடித்துவைக்கலாம், மீதியை விட்டுவிட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ஃபார்வர்டரின் நிபந்தனைகளிலும் இதே பிடிப்புரிமை பொடி எழுத்தில் இருக்கும். அங்கே இது இன்னும் கடுமையானது. பழைய சரக்கின் பாக்கிக்காகப் புதிய சரக்கையும் பிடித்துவைக்க அதில் இடமிருக்கலாம், அந்த நாட்களுக்கான துறைமுகத் தேக்கக் கட்டணமும் உங்கள் பெயரிலேயே ஏறும். அதனால் ஃபார்வர்டரோடு பில்லில் தகராறு வந்தால், அடுத்த கப்பல் கிளம்புவதற்கு முன் தீர்த்துவிடுங்கள்.